படத்தில் பிடிக்காத முகம் பழகிய பின் பிடித்துப்போவது ஏன்?

ஸ்பிரிங்வெளியில் பெரியம்மா வீட்டு டிரங்குப் பெட்டிக்குள் ஒரு படம் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு பதுளை நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. நீலத் திரைக்கு முன்னால் வெள்ளைச் சேர்ட் போட்ட ஒரு இளைஞர் விறைப்பாக நிற்கிறார். முன்பற்கள் இரண்டும் உதட்டை மீறி வெளியே தெரிகின்றன. அவற்றை மறைக்க முயன்றதால் வாய் ஒரு பக்கமாக இழுபட்டிருக்கிறது. பெரியம்மாவின் மகளுக்கு, அதாவது என் அக்காவுக்கு, சம்பந்தம் பேசி அனுப்பப்பட்ட படம் அது. பார்த்த மாத்திரத்திலேயே அக்கா மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டபோது ஒரு வார்த்தைதான் சொன்னாளாம்: "பல்லு."

அந்த ஆள்தான் இப்போது என் அத்தான். யாரும் வற்புறுத்திக் கட்டிவைக்கவில்லை. படத்தைத் திருப்பி அனுப்பி இரண்டு வருடம் கழித்து அக்காவே பெரியம்மாவிடம் போய், "அந்த ஸ்டோர்ல வேலை செய்யிற பையன் வீட்ல இன்னும் பொண்ணு பாக்குறாங்களா?" என்று கேட்டிருக்கிறாள்.

இந்தக் கதையை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பகிடியாகத்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். போன முறை ஸ்பிரிங்வெளிக்குப் போனபோதுதான் இதை அக்காவிடம் ஒழுங்காக உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று தோன்றியது. அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது. கல்யாணத் தரகர் ஒருவர் என்னிடம் மூன்றாவது தடவையாகப் படம் கேட்டிருந்தார். "வலப் பக்கத்தால எடுத்து அனுப்புங்கோ பிள்ளை" என்றும் சொல்லியிருந்தார். என் இடது கன்னத்தில் காதிலிருந்து தாடை வரை ஒரு தழும்பு இருக்கிறது. 2009இல் விழுந்த ஷெல் துண்டு விட்டுப்போனது. இப்படியான முகங்களும் கைகால்களும் எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன என்பதை இதை வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அம்மாவின் பெற்றோர் 1977 வன்செயலுக்குப் பிறகு அம்மாவைக் கூட்டிக்கொண்டு பதுளையிலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்கள். பெரியம்மா ஏற்கனவே கல்யாணம் முடித்திருந்ததால் தோட்டத்திலேயே தங்கிவிட்டார். அக்காவின் கல்யாணம் 2007 தொடக்கத்தில் நடந்தது. ஏ9 பாதை 2006 ஓகஸ்ட்டில் மூடப்பட்டிருந்ததால் எங்களால் போக முடியவில்லை. அத்தானை நான் முதன்முதலில் பார்த்தது 2010இல், முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு. பஸ்ஸால் இறங்கியதும் எங்கள் பைகளைத் தூக்க ஓடிவந்த மனிதரைப் பார்த்து, 'அக்கா எப்படி இவரைக் கட்டினாள்?' என்று நினைத்தது எனக்கு நல்ல ஞாபகம். அன்று இரவு அடுப்படியில் அக்கா என் காதுக்குள் கேட்டாள்: "ஆளு நல்லா இருக்காருல்ல? சிரிக்கிறப்ப அந்தப் பல்லுதான் அழகு."

ஒரே நாளில், ஒரே முகத்தை, இரண்டு பேர் பார்த்தோம். நான் பார்த்தது நான்கு நிமிடம். அவள் பார்த்தது வருடக்கணக்கில். அவளது கண்ணை அன்பு மறைக்கிறது என்று அப்போது நினைத்தேன். பல வருடம் கழித்து, ஊடகக் கற்கைப் படிப்பின்போது உளவியல் ஆய்வுகள் சிலவற்றை வாசிக்க நேர்ந்த பிறகுதான், மறைக்கிறது என்ற சொல்லே பிழையாக இருக்கலாம் என்று பட்டது.

அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் பிங்ஹம்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் நிஃபின், டேவிட் ஸ்லோன் வில்சன் ஆகிய இருவரும் 2004இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அக்கா படத்தைத் திருப்பி அனுப்பிய அதே வருடம். அதுவரை அழகு பற்றிய ஆய்வுகளில் பெரும்பாலானவை ஒரே மாதிரித்தான் நடந்துவந்தன. முன்பின் தெரியாத ஆட்களின் படங்களைக் காட்டி, மதிப்பெண் போடச் சொல்வார்கள். கிட்டத்தட்ட எங்கள் கல்யாணத் தரகர்கள் செய்யும் வேலை. நிஃபினும் வில்சனும் கேட்ட கேள்வி எளிமையானது. மனிதர்கள் வாழ்க்கையின் பெரும்பகுதியைத் தெரிந்தவர்களோடுதானே கழிக்கிறார்கள், தெரிந்தவர்களின் முகத்துக்கு அவர்கள் எப்படி மதிப்புப் போடுகிறார்கள்?

அவர்கள் செய்த மூன்று ஆய்வுகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பல்கலைக்கழகப் படகுப் போட்டி அணி ஒன்றில் நடந்தது. அணியினர் ஒருவருக்கொருவர் தோற்றத்துக்கு மதிப்பெண் போட்டார்கள். வேலையில் எவ்வளவு உழைக்கிறார், எவ்வளவு பிடிக்கும், எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறேன் என்பதற்கும் தனித்தனியாகப் போட்டார்கள். அணியில் ஒருவர் உழைக்காமல் நழுவுகிறவர். அவரை அணியினர் அழகில்லாதவர் என்று ஒரே குரலில் மதிப்பிட்டிருந்தார்கள். இன்னொருவர் உயிரைக் கொடுத்து உழைக்கிறவர். அவரை அழகானவர் என்றார்கள். பிறகு அதே ஆட்களின் படங்களை அவர்களைத் தெரியாதவர்களிடம் காட்டினார்கள். தெரியாதவர்களின் கண்ணில் அந்த இருவருக்கும் இடையே அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை.

இதை அக்காவிடம் சொன்னபோது அவளுக்கு ஆச்சரியமே இல்லை. கொழுந்து எடுக்கும் மலையில் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரை. பக்கத்து நிரைக்காரி தன் நிரையை ஒழுங்காக எடுக்காமல் மேலால் கிள்ளிக்கொண்டு ஓடினால், முற்றிய இலை அங்கேயே நிற்கும், அடுத்த சுற்றில் அந்த நிரை யார் தலையில் விழுகிறதோ அவள்தான் மாரடிக்க வேண்டும். "அப்புடி ஒருத்தி இருந்தா. நல்ல செவப்பு, கிளி மாதிரி மூக்கு. வெளியூரு ஆளுங்க பாத்தா அழகுன்னு சொல்லுவாங்க. எங்க செட்டுல யாருக்கும் அவ மூஞ்சியப் பாக்கப் புடிக்காது" என்றாள் அக்கா. சற்று யோசித்துவிட்டு, "மூஞ்சியே கோணலாத்தான் தெரியும்" என்று சேர்த்துக்கொண்டாள்.

மற்றது, ஆறு வாரத் தொல்லியல் அகழ்வுப் பயிற்சி ஒன்றில் நடந்தது. மாணவர்கள் வெயிலில் ஒன்றாக மண் தோண்டிச் சலிக்கும் பயிற்சி. ஒருவரையொருவர் தெரியாத முதல் நாளில் தோற்றத்துக்கு மதிப்பெண் போட வைத்தார்கள். கடைசியில் மறுபடியும் போட வைத்தார்கள். முதல் நாளில் சராசரிக்கும் கீழே மதிப்புப் பெற்றிருந்த ஒரு பெண், நன்றாக உழைக்கிறவராகவும் எல்லோருக்கும் பிடித்தவராகவும் ஆனபின், கடைசியில் மிக உயர்ந்த மதிப்புப் பெற்றிருந்தார். ஆறு வாரத்தில் யாருடைய மூக்கும் கண்ணும் மாறப்போவதில்லை. இடையில் சேர்ந்தது பழக்கம் மட்டும்தான்.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த மாணவர்களிடம் "அவர் நல்ல ஆளா?" என்று கேட்கவில்லை. "தோற்றம் எப்படி?" என்றுதான் கேட்டார்கள். 'முகம் சுமார்தான், ஆனால் குணம் தங்கம்' என்று நாங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானத்தில் முகத்துக்கு ஒரு கணக்கு, குணத்துக்கு இன்னொரு கணக்கு என்று வைத்திருக்கிறோம். ஆய்வில் கண்டது அந்த இரண்டு கணக்கும் பிரிந்திருக்கவில்லை என்பதை. குணம் பிடித்தவர்களுக்கு முகமே வேறாகத் தெரிந்திருக்கிறது.

அப்படியென்றால் அக்காவுக்கு நடந்தது என்ன? நான் நாள் வாரியாகக் கேட்டேன். அவள் அலுத்துக்கொண்டாள் என்றாலும் சொன்னாள்.

படத்தை மறுத்துச் சில மாதங்களில் அவள் மலையிலிருந்து ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, தூள் சலிக்கும் பக்கத்துக்கு வேலை மாறினாள். அத்தான் அங்கே ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தார். வாடிய கொழுந்தைச் சுருட்டி நசுக்கும் இயந்திரம் அது. இவரைத்தான் வேண்டாம் என்று சொன்னோம் என்று அவளுக்குத் தெரியும். தன்னை வேண்டாம் என்று சொன்னவள் இவள்தான் என்று அவருக்கும் தெரியும். முதல் சில கிழமை இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமலே சமாளித்திருக்கிறார்கள். ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று வீசும் காலத்தில்தான் பேர்போன ஊவா வாசனைத் தேயிலை வரும். அந்த மாதங்களில் ஸ்டோரில் இரவும் பகலும் வேலை இருந்தது.

"ஒரு நாள்னு சொல்ல ஏலாது" என்றாள். பிறகு ஒன்றொன்றாக வந்தது. இரவு வேலை முடிந்து பெண்கள் லயத்துக்கு நடக்கும்போது அவர் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு பத்தடி முன்னால் நடப்பார், திரும்பிப் பார்க்க மாட்டார், பீலிக்கரைத் திருப்பம் வந்ததும் நின்றுவிடுவார். கூட வேலை செய்தவரின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அவருடைய இரவையும் தானே எடுப்பார். ஒரு முறை பெண்ணொருத்தியின் தாவணித் தலைப்பு பெல்ட்டுப் பக்கம் போனபோது யாரும் கத்துவதற்கு முன்பே இயந்திரத்தை நிறுத்தியிருந்தார். பிறகு சத்தம் போடாமல், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கக்கா" என்று மட்டும் சொன்னார். தன்னை மறுத்தவள் என்று அக்காவைப் பற்றி யாரிடமும் ஒரு சொல் சொன்னதில்லை. கடைசியாகச் சொன்னதைத்தான் அக்கா அதிக நேரம் சொன்னாள்.

"அப்ப பல்லு?" என்று கேட்டேன்.

"அதான் சொன்னேனே, பல்லு அழகு. அந்தப் பல்லாலதான் எனக்கு அவரப் புடிச்சதே."

இந்தப் பதிலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஏனென்றால் இதே தலைகீழ் மாற்றத்தை 1977இல் ஒரு ஆய்வு அப்படியே படம்பிடித்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோதி வில்சன் (இது வேறு வில்சன்) இருவரும் ஒரு விரிவுரையாளரின் நேர்காணலை இரண்டு விதமாகப் படமெடுத்தார்கள். ஆள் ஒருவரே. அவர் ஆங்கிலத்தை ஐரோப்பிய உச்சரிப்போடு பேசுகிறவர். ஒரு படத்தில் மாணவர்கள் மீது அன்பும் மரியாதையும் உள்ளவராகப் பேசினார். மற்றதில் அவர்களை நம்பாத, கடுமையான ஆளாகப் பேசினார். 118 மாணவர்களில் ஒரு பாதியினர் ஒரு படத்தையும் மறு பாதியினர் மற்றப் படத்தையும் பார்த்தார்கள். பிறகு அவருடைய தோற்றம், பாவனை, உச்சரிப்பு மூன்றும் எப்படி என்று கேட்கப்பட்டது. அன்பானவராகப் பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்குத் தோற்றமும் பாவனையும் பிடித்திருந்தன. கடுமையானவராகப் பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு அதே தோற்றமும் பாவனையும் எரிச்சலூட்டின. உச்சரிப்பும் கடுமையானவராகப் பார்த்தவர்களில் பெரும்பாலானோருக்கு எரிச்சலூட்டியது; அன்பானவராகப் பார்த்தவர்கள் அதில் ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள்.

ஆய்வின் சுவையான பகுதி அதற்குப் பிறகுதான். ஆளைப் பிடித்ததால் அல்லது பிடிக்காததால் உங்கள் மதிப்பீடு மாறியதா என்று கேட்டபோது மாணவர்கள் இல்லை என்றார்கள். கடுமையான ஆளைப் பார்த்தவர்கள் எதிர்ப்பக்கமாகவே சொன்னார்கள். அவருடைய தோற்றமும் உச்சரிப்பும் சரியில்லாததால்தான் தங்களுக்கு அவரைப் பிடிக்கவில்லையாம். பிடிப்பு முன்னால் போகிறது, காரணம் பின்னால் வருகிறது, ஆனால் எங்கள் மனம் வரிசையை மாற்றிச் சொல்கிறது. பல்லால் அவரைப் பிடித்தது என்று அக்கா சொன்னதும் இதுதான். அவளிடம் இதை விளக்கினேன். "போடி, ஒனக்கு என்ன தெரியும்" என்றாள்.

ஆனால் உச்சரிப்பு விஷயம் எனக்கு நன்றாகவே தெரியும். வீட்டில் நாங்கள் பேசியது தோட்டத் தமிழ். வன்னியில் பள்ளிக்கூடம் போன முதல் வருடங்களில் நான் "வாங்க", "இருக்கீங்க" என்று வாய் திறந்தால் வகுப்பே சிரிக்கும். 'தோட்டக்காட்டுக் கதை' என்பார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருந்தது உச்சரிப்பு பற்றிய கருத்து அல்ல என்று இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. என் பேச்சுதான் அசிங்கம் என்று நினைத்து "இருக்கிறியள்" என்று மாற்றிக்கொண்டேன். அதிகம் சிரித்தவள் என் முன் மேசைக்காரி. 2009இன் தொடக்கத்தில் எங்கள் இரு குடும்பங்களும் பல கிழமைகள் ஒரே பங்கருக்குள் இருந்தன. பயத்தில் நான் பழையபடி வீட்டுத் தமிழுக்கே திரும்பியிருந்தேன். ஒரு இரவு அவள், "நிப்பாட்டாத, கதை. உன்ர கதை கேக்க நல்லா இருக்கு" என்றாள். அவள் இப்போது கனடாவில் இருக்கிறாள். தொலைபேசியில் நான் வன்னித் தமிழ் கதைத்தால் ஏசுவாள்.

சரி, இது எப்படி நடக்கிறது? மந்திரம் ஒன்றுமில்லை. தெரியாத முகத்தைப் பார்க்கும்போது எங்களிடம் இருப்பது அதன் அளவுகள் மட்டும்தான்: மூக்கு, நிறம், பல், தழும்பு. அதனால்தான் முதல் பார்வையில் ஆட்களின் கருத்து ஓரளவு ஒத்துப்போகிறது. பழகிய முகம் அசைகிற முகம். எப்போது சிரிக்கும், எதற்குச் சுருங்கும் என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பார்க்கும்போதே பழைய நினைவுகளும் கூட வந்துவிடுகின்றன. டோர்ச் வெளிச்சத்தை நினைக்காமல் அக்காவால் அந்தப் பல்லைப் பார்க்க முடியாது. ஒவ்வொருவரும் வைத்திருக்கும் நினைவு வேறு என்பதால், காலம் போகப்போக ஒரே ஆளைப் பற்றிய மதிப்பீடுகளும் ஆளுக்கு ஆள் விலகிப் போகின்றன. போல் ஈஸ்ட்விக், லூசி ஹன்ட் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. புதிதாகச் சந்தித்தவர்கள் யார் கவர்ச்சியானவர் என்பதில் ஓரளவு ஒத்துப்போனார்கள். நெடுநாள் பழகியவர்களிடம் அந்த ஒற்றுமை குறைந்து, தனக்கென்று ஒரு பார்வை கூடியிருந்தது.

அதே குழுவினர் 2015இல் 167 தம்பதிகளையும் காதலர்களையும் எடுத்துப் பார்த்தார்கள். சேர்ந்து மூன்று மாதம் ஆனவர்கள் முதல் 53 வருடம் ஆனவர்கள் வரை அதில் இருந்தார்கள். ஒவ்வொருவரின் தோற்றத்துக்கும் வெளியாட்கள் தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள். சந்தித்து ஒரு மாதத்துக்குள் உறவைத் தொடங்கியவர்களிடம் இருவரின் மதிப்பெண்களும் நெருங்கியிருந்தன. அதாவது அழகு அழகைத் தேடிப் போயிருக்கிறது. ஏறக்குறைய ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஏற்கனவே தெரிந்திருந்து பிறகு சேர்ந்தவர்களிடம் அந்தப் பொருத்தமே காணப்படவில்லை. வெளியாட்களின் கண்ணுக்கு 'இவருக்கு எப்படி அவர்?' என்று தோன்றும் சோடிகள் அதில்தான் அதிகம். 2010இல் பஸ்ஸால் இறங்கிய நான் அப்படியான ஒரு வெளியாள்.

இந்த ஆய்வை வாசித்ததும் எனக்குத் தரகரின் ஞாபகம்தான் வந்தது. படத்தை அனுப்பிப் பதில் கேட்கும் முறை ஒரு மாதத்தைக்கூடத் தருவதில்லை, ஒரு நிமிடம்தான். வட்ஸ்அப் வந்த பிறகு அதுவும் இல்லை, விரலால் தள்ளும் நேரம். முகத்தில் காயம் உள்ளவருக்கு, கால் இழந்தவருக்கு, அந்த ஒரு நிமிடத்தில் கிடைக்கும் மதிப்பெண் எது என்று சொல்லத் தேவையில்லை. அந்த மதிப்பெண் பொய் என்று நான் சொல்ல வரவில்லை. தெரியாத ஆள் தெரியாத ஆளுக்குப் போட்ட மதிப்பெண் அது, அவ்வளவுதான். ஆனால் தெரிந்துகொள்ளும் வாய்ப்பையே அதுதான் முடிவு செய்துவிடுகிறது என்பதில் இருக்கிறது அநியாயம். அக்கா ஸ்டோருக்கு வேலை மாறியிராவிட்டால் அந்தப் படம்தான் அவளுக்கு அத்தானைப் பற்றிய கடைசிச் சொல்லாக இருந்திருக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு பழகினால் போதாதா என்று பெரியவர்கள் கேட்பார்கள். எங்களுக்குக் கிட்டிய ஆய்வு ஒன்று இந்தியாவில் இருக்கிறது. 1982இல் உஷா குப்தா, புஷ்பா சிங் ஆகியோர் ஜெய்ப்பூரில் 50 தம்பதிகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். காதலித்துக் கட்டியவர்களில் கல்யாணமாகி அதிக வருடம் ஆனவர்களிடம் காதலின் அளவு குறைந்திருந்தது. பேசிக் கட்டியவர்களில் அதிக வருடம் ஆனவர்களிடம் கூடியிருந்தது, ஐந்து வருடத்துக்குப் பிறகு முன்னவர்களை மிஞ்சியும் இருந்தது. இதைப் பேச்சுக் கல்யாணத்துக்குச் சான்றிதழாகப் பலர் மேடைகளில் சொல்வதுண்டு. நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். 50 தம்பதிகள் ஒரு நகரத்தின் சிறு கூட்டம். அமெரிக்காவில் வாழும் இந்தியத் தம்பதிகளிடம் 2012இல் நடந்த இன்னொரு ஆய்வில் இரு வகைக்கும் இடையே வித்தியாசமே தெரியவில்லை. அதோடு, அந்த ஆய்வுகள் அளந்தது அன்பை, தோற்றத்தை அல்ல.

பழகினால் எல்லோரும் அழகாகிவிடுவார்கள் என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டால் பிழை. லயத்தில் பிறந்தவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். ஒரே சுவரை இரண்டு காம்பராக்கள் பங்குபோடும் வரிசை அது. உயிர்ச் சிநேகிதமும் அங்கேதான், தண்ணீர்ப் பீலிக்கும் கோழிக்கும் வந்த பரம்பரைச் சண்டையும் அங்கேதான். 1950இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆய்வு ஒன்று, அமெரிக்க மாணவர் குடியிருப்பில் பக்கத்து வீட்டாரே அதிகம் நண்பர்களாகிறார்கள் என்று கண்டது. அதன் தொடர்ச்சியாக 1976இல் கலிஃபோர்னியாவில் எபெசென் குழுவினர் கேள்வியை ஒரு படி கூட்டினார்கள்: உங்களுக்குப் பிடிக்காதவர் யார்? அவர்களும் பக்கத்து வீட்டிலேயே இருந்தார்கள். அருகில் இருப்பது ஆளைத் தெரியவைக்கிறது. தெரிந்தது பிடிக்கிறதா இல்லையா என்பது வேறு கதை. பிடிக்காமல் போனால் முகமும் கூடவே கெட்டுப்போகும், அக்காவின் பக்கத்து நிரைக்காரியைப் போல.

பயம் நடுவில் இருந்தாலும் அப்படித்தான். சோதனைச் சாவடியில் ஒரே முகத்தை ஒவ்வொரு நாளும் பார்த்தவர்கள் நாங்கள். வெறுமனே திரும்பத் திரும்பப் பார்ப்பதே பிடிப்பைக் கூட்டும் என்று காட்டிய ஆய்வுகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் யாரும் யாரையும் மிரட்டாத அறைகளில் நடந்தவை. தொடக்கமே வெறுப்பாக இருந்தால் அடிக்கடி பார்ப்பது அந்த வெறுப்பைத்தான் ஊறவைக்கும். அத்தானின் விஷயத்தில் தொடக்கத்தில் வெறுப்பு இல்லை, சங்கடம்தான் இருந்தது. சங்கடம் கரையக்கூடியது. தான் கவனிக்கப்படுகிறோம் என்று தெரியாத நேரங்களில் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்க அக்காவுக்கு ஒன்றரை வருடம் கிடைத்தது. எந்தத் தரகராலும் அதை ஏற்பாடு செய்துகொடுக்க முடியாது.

இன்னொரு எல்லையும் உண்டு. பழக்கத்தால் வந்த அழகு பழகியவர்களின் கண்ணோடு நின்றுவிடும். என் தழும்பு அம்மாவுக்குத் தெரிவதில்லை. ஒரு முறை எந்தக் கன்னம் என்று அவருக்கே குழம்பிவிட்டது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்காருகிறவருக்கு அது மட்டும்தான் தெரிகிறது. வீட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாசல்படி தாண்டியதும் மதிப்பெண் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இது வலிக்காது என்று யாராவது சொன்னால் அவருக்குத் தழும்பு இல்லை என்று அர்த்தம்.

கிளம்புவதற்கு முதல் நாள் மாலை, நமுனுகுல மலைப் பக்கத்திலிருந்து மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தப் படத்தை எடுத்தாள். மறுத்த பிறகு திருப்பி அனுப்பிய படம். கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டிலிருந்து மறுபடியும் அவளிடமே வந்து சேர்ந்திருக்கிறது. பல வருடம் கழித்து அன்றுதான் எடுத்துப் பார்க்கிறாள் போல. விளக்கடியில் பிடித்து, சற்று எட்டி வைத்து, மறுபடி கிட்டே கொண்டுவந்து பார்த்தாள்.

"இது அவரு மாதிரியே இல்லையே" என்றாள்.

அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த அத்தான் எட்டிப் பார்த்தார். "நாந்தான். அந்தச் சேர்ட்டு ஸ்டூடியோக்காரனோடது" என்று சொல்லிவிட்டு, பல் தெரியச் சிரித்தார்.